இரு பெயர், ஒரு செய்தி: கூட்டு அறிவிப்பைச் சரிபார்க்கும் முறை
(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)



விளம்பரம் என்ற பாடத்தை நாம் வகுப்பில் படிக்கிறோம். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது எப்படி என்பதையே அப்பாடம் பெரும்பாலும் சொல்கிறது. இரண்டு நிறுவனங்கள் கைகோத்து, இருவர் பெயரிலும் ஒரே அறிவிப்பை வெளியிடும்போது என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி அதில் அதிகம் இல்லை. சென்ற மார்கழி விடுமுறையில் அப்படிப்பட்ட அறிவிப்பு ஒன்றைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வாய்த்தது. அதில் நான் கற்றதை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவிப்பு வந்த கதை

என் ஊர் வட்டக்கானல். கொடைக்கானல் நகரை அடுத்து, டால்பின் மூக்குப் பாறைக்குப் போகும் வழியில் உள்ள சிற்றூர். ஊருக்குக் கீழே வெள்ளகவி நோக்கி இறங்கும் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் உண்டு. அங்குள்ள சிறு விவசாயிகள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். என் பெரியப்பா அதன் தலைவர். அடிவாரத்து நகர் ஒன்றிலுள்ள காப்பித்தூள் கடையோடு அக்குழு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. இருவர் பெயரும் அச்சிட்ட பொட்டலத்தில் காப்பித்தூள் விற்பது என்பதே அதன் சாரம். உண்மைப் பெயர்களை இங்கு வெளியிடுவது முறையன்று. ஆகவே ஒருவரைக் 'குழு' என்றும் மற்றவரைக் 'கடை' என்றும் குறிப்பேன்.

ஒரு நாள் மாலை பெரியப்பா ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"ஏப்பா, பத்திரிகையில போட கடைக்காரர் எழுதி அனுப்பியிருக்காரு. சம்மதம்னு கையெழுத்துப் போடச் சொல்றாரு. எனக்கு என்னமோ நம்ம பேரு ஓரத்துல நிக்கிற மாதிரி இருக்கு. நீ படிச்சுப் பாரு."

அந்தத் தாளில் இருந்தது இது:

*தலைப்பு: கடை வழங்கும் புதிய மலைக்காப்பி!*

*தரத்திற்குப் பெயர்பெற்ற கடை, கொடைக்கானல் மலையிலிருந்து நூறு விழுக்காடு தூய காப்பித்தூளை அறிமுகம் செய்கிறது. தேர்ந்தெடுத்த கொட்டைகளைக் கடை தன் சொந்த ஆலையில் பதமாக வறுத்து அரைத்துத் தருகிறது. "குறைந்த விலையில் நிறைந்த சுவையே எங்கள் கொள்கை" என்கிறார் கடை உரிமையாளர். இம்முயற்சியில் குழு, பங்குதாரராக இணைந்து கொட்டைகளை வழங்குகிறது. தை முதல் நாளிலிருந்து கடையின் எல்லாக் கிளைகளிலும் கிடைக்கும்.*

பெரியப்பாவின் மனக்குறை நியாயமானதே. எனினும் மனக்குறையை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேச முடியாது. எந்தச் சொல் தவறு, ஏன் தவறு, அதற்கு மாற்று என்ன என்று காட்ட வேண்டும். அதற்காக நான் பின்பற்றிய வரிசையை இனிக் காண்போம்.

முதற்படி: உடன்பாட்டுத் தாளைப் படித்தல்

அறிவிப்பை முதலில் படிக்கலாகாது. உடன்பாட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். அறிவிப்பு என்பது உடன்பாட்டின் நிழல். உருவத்தைப் பாராமல் நிழல் சரியா என்று சொல்ல இயலாது. உடன்பாட்டை ஒரு பக்கம் வைத்து, அறிவிப்பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே 'இதற்கு ஆதாரம் எங்கே?' என்று எழுதிக்கொண்டு போனேன்.

குழு ஆண்டுக்கு 1,200 கிலோ தோல் நீக்காத உலர்ந்த காப்பிக்கொட்டை (தோட்டக்காரர்கள் 'பார்ச்மெண்ட்' என்பது இதைத்தான்) தரும். கடை அதை வறுத்து, அரைத்து, 80 பங்கு காப்பிக்கு 20 பங்கு சிக்கரி கலந்து பொட்டலமிடும். பொட்டலத்தில் இருவர் பெயரும் இருக்கும். முதலில் இரு கிளைகளில், ஓராண்டுக்கு. உடன்பாட்டில் இருந்தது இவ்வளவே.

இதை வைத்துப் பார்த்தபோது அறிவிப்பில் இரண்டு பொய்கள் தெரிந்தன. எழுதியவர் வேண்டுமென்றே எழுதினார் என நான் கருதவில்லை. பழைய விளம்பரங்களிலிருந்து கை தானாக எழுதிய சொற்கள் அவை.

'நூறு விழுக்காடு தூய காப்பித்தூள்' என்பது முதலாவது. ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி இருக்கும் தூளை அப்படிச் சொல்ல முடியாது. சிக்கரி கலப்பது குற்றமன்று. நம் நாட்டு உணவுச் சட்டவிதி, கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், இரண்டின் அளவையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்றும் கூறுகிறது. பொட்டலம் 80-20 என்று சொல்ல, பத்திரிகை நூறு என்று சொன்னால், வாங்குபவர் யாரை ஐயுறுவார்? பொட்டலத்தில் இருக்கும் இரு பெயர்களையுமே ஐயுறுவார். கூட்டு அறிவிப்பில் ஒருவர் செய்யும் மிகைக்கு இருவரும் விலை கொடுக்க நேரும்.

'எல்லாக் கிளைகளிலும்' என்பது இரண்டாவது. உடன்பாடு இரு கிளைகள் என்கிறது. ஏன் இரண்டுதான் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 1,200 கிலோ பார்ச்மெண்டில் தோல் போக ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 960 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு எடை குறையும். மிஞ்சுவது 800 கிலோ. அதோடு 200 கிலோ சிக்கரி சேர்ந்தால் 1,000 கிலோ தூள். மாதத்துக்கு 83 கிலோ. ஒரு கிளையில் மாதம் நாற்பது கிலோ விற்கும் என்று கடையே மதிப்பிட்டிருந்தது. ஆகவே இரு கிளைகளுக்கு மேல் தாங்காது. எல்லாக் கிளைகளிலும் கிடைக்கும் என்று அறிவித்தால், வந்து கேட்டு வெறுங்கையோடு திரும்புபவர், 'மலைக்காரர்கள் சரக்கு அனுப்பவில்லை போலும்' என்றே எண்ணுவார். பழி செய்யாதவர் தலையில் விழும்.

இரண்டாம் படி: 'பங்குதாரர்' என்ற சொல்

நான்காம் வாக்கியத்தில் 'பங்குதாரராக இணைந்து' என்று இருந்தது. பெரியப்பாவுக்கு அது மிகப் பிடித்த சொல். "அந்த ஒரு இடத்துலயாச்சும் நம்மள மதிச்சு எழுதியிருக்காரே" என்றார். வணிகச் சட்டம் படித்த நமக்கோ அது அச்சமூட்டும் சொல்.

1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 28ஆம் பிரிவை நண்பர்கள் நினைவுகூர்க. ஒருவர் தம்மை ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் எனச் சொல்லாலோ எழுத்தாலோ நடத்தையாலோ காட்டிக்கொண்டால், அல்லது பிறர் அப்படிக் காட்டுவதைத் தெரிந்தே அனுமதித்தால், அதை நம்பி அந்நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவரிடம் அவர் பங்குதாரரைப் போலவே பொறுப்பாவார். உண்மையில் பங்கு இருக்கிறதா, இலாபத்தில் காசு வந்ததா என்பது அங்கே கேள்வியன்று.

நம் குழு கொட்டை விற்கிறது. கடை விலை கொடுத்து வாங்குகிறது. இலாபப் பங்கீடு கிடையாது. அப்படியிருக்க 'பங்குதாரர்' என அச்சிட்ட அறிவிப்பில் பெரியப்பா கையெழுத்திட்டால், நாளை கடைக்குச் சர்க்கு கொடுத்து ஏமாந்த யாரோ ஒருவர் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டக்கானல் ஏறி வரலாம். வழக்கு வெல்லுமா தோற்குமா என்பது பிறகு. நீதிமன்றப் படி ஏறும் செலவை எங்கள் சிறு விவசாயிகள் தாங்க மாட்டார்கள்.

இதனால் அறியத்தக்கது யாதெனில், கூட்டு அறிவிப்பில் உறவைக் குறிக்கும் சொல் மரியாதைச் சொல்லன்று, சட்டச் சொல். 'இணைந்து வழங்கும்', 'விளைவித்துத் தரும்', 'வறுத்து விற்கும்' எனச் செயலைச் சொல்லும் சொற்களே நலம். செயலைச் சொன்னால் உறவு தானே விளங்கும்.

மூன்றாம் படி: பெயர்களை எண்ணுதல்

இனித்தான் பெரியப்பாவின் மனக்குறைக்கு வருகிறேன். தலைப்பு உட்பட, கடையின் பெயர் எத்தனை முறை, குழுவின் பெயர் எத்தனை முறை என எண்ணினேன். கடை ஐந்து முறை, குழு ஒரே முறை. அந்த ஒன்றும் கடைசிக்கு முந்திய வாக்கியத்தில். இடம் போதாமல் பத்திரிகைக்காரர் எதையாவது வெட்டினால் அடியிலிருந்துதான் வெட்டுவார். அப்போது அந்த ஒன்றும் போய்விடும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. வாக்கியத்தின் எழுவாய் யார் என்றும் பார்க்க வேண்டும். 'கடை அறிமுகம் செய்கிறது', 'கடை வறுத்து அரைத்துத் தருகிறது' எனப் பெரும்பாலும் கடையே எழுவாய். பயிரிட்டவர்கள், பறித்தவர்கள், களத்தில் காயவைத்தவர்கள் யாரும் எந்த வினைக்கும் எழுவாயாக இல்லை. 'தேர்ந்தெடுத்த கொட்டைகள்' என்ற தொடரில் கொட்டைகள் தாமாகவே முளைத்து வந்தவை போலத் தோன்றுகின்றன.

கூற்றுகளையும் பார்க்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் பேசுபவர் ஒருவரே, கடை உரிமையாளர். வாசகர் மனத்தில் ஆளாக நிற்பவர் அவர் மட்டுமே.

இவ்விடத்தில் நான் கண்டறிந்த எளிய சோதனை ஒன்று உண்டு. அறிவிப்பில் இரு பெயர்களையும் இடம் மாற்றி எழுதிப் படிக்க வேண்டும். கடை என்ற இடத்தில் குழு, குழு என்ற இடத்தில் கடை. அப்படி மாற்றியதைக் கடைக்காரரிடம் காட்டி, 'இப்படி வந்தால் உங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்க வேண்டும். பிறகு நான் அப்படியே செய்தேன். அவர் ஒரு நிமிடம் படித்துவிட்டுச் சிரித்தார். "புரியுது தம்பி" என்றார். விவாதம் செய்திருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

சமம் வேறு, நியாயம் வேறு

அப்படியானால் இருவர் பெயரும் ஒரே எண்ணிக்கையில், ஒரே அளவில் வர வேண்டுமா? நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்தைத் திருத்தியது நம் நாட்டில் நடந்த பெரிய எடுத்துக்காட்டு ஒன்று.

அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் நிறுவனமும் டாட்டா குளோபல் பெவரேஜஸ் நிறுவனமும் 2012 ஜனவரி 30 அன்று தம் கூட்டு நிறுவனத்தை அறிவித்தன. முதலீட்டில் இருவருக்கும் சரி பாதி, ஐம்பதுக்கு ஐம்பது. முதற்கடை அவ்வாண்டு அக்டோபர் 19 அன்று மும்பையில் ஹார்னிமன் வட்டத்தில் திறக்கப்பட்டது. சரி பாதிப் பங்கு என்பதால் பெயர்ப்பலகையிலும் சரி பாதி வந்ததா? இல்லை. பலகையில் முதன்மைப் பெயர் ஸ்டார்பக்ஸ். 'டாட்டா கூட்டணி' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடர் அதோடு சேர்ந்தது. கடைக்குள் வருபவர் வாங்க வருவது ஸ்டார்பக்ஸ் காப்பி. அதற்கு இந்நாட்டில் நம்பிக்கையும் கொட்டையும் தருவது டாட்டா. இருவர் தருவதும் வெவ்வேறு. ஆகவே பெயர் நிற்கும் இடமும் வெவ்வேறு. ஒருவர் பெயர் சிறிதாக இருந்தாலும் அது விடுபடாமல், உறவைச் சொல்லும் சொல்லோடு நிற்கிறது. அளவில் சமமில்லை எனினும் நியாயம் இருக்கிறது.

அதே எடுத்துக்காட்டில் மற்றொரு பாடமும் உண்டு. 2011 ஜனவரியில் ஸ்டார்பக்ஸோடு முதற்கட்டப் புரிந்துணர்வு செய்துகொண்டது டாட்டா காப்பி நிறுவனம். 2012இல் கூட்டு நிறுவனத்தில் பாதிப் பங்கேற்றது டாட்டா குளோபல் பெவரேஜஸ். கொட்டை தந்து வறுத்துக் கொடுக்கும் ஒப்பந்தமோ டாட்டா காப்பியோடு. பொதுமக்களுக்கு எல்லாம் 'டாட்டா' தான். ஆனால் அறிவிப்பைச் சரிபார்ப்பவர் வெறுமனே 'டாட்டா' என்று விட்டுவிட்டால், பங்கு யாருடையது, கொட்டை யாருடையது என்பது குழம்பிவிடும். பெயரும் நிலையானதன்று. குளோபல் பெவரேஜஸ் 2020இல் டாட்டா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் எனப் பெயர் மாறியது. பின்னர் டாட்டா காப்பியும் அதனுள் இணைந்தது. எனவே ஒவ்வொரு அறிவிப்பிலும் முழுப் பெயரை அன்றைய பதிவின்படி ஒரு முறையேனும் எழுத வேண்டும். பழைய அறிவிப்பிலிருந்து படியெடுக்கக் கூடாது.

நம் வேலைக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி இது: ஒவ்வொருவரும் எதைத் தருகிறாரோ, அந்த இடத்தில் அவர் பெயர் வர வேண்டும். விளைச்சலைச் சொல்லும் இடத்தில் குழு. வறுவலையும் விற்பனையையும் சொல்லும் இடத்தில் கடை. தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் இருவரும். இவை அமைந்துவிட்டால் மொத்த எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடக்குறைய இருப்பதால் தீங்கில்லை.

நான்காம் படி: செய்தி ஒன்றா, இரண்டா?

பெயர்களைச் சரிசெய்த பிறகும் அறிவிப்பு தோற்கலாம். இரு பெயரும் இரு செய்தி சொன்னால், வாசகர் மனத்தில் ஒன்றும் நிற்காது. இதை அறிய நான் இருவரையும் தனித்தனியே ஒரே கேள்வி கேட்டேன்: "இந்தத் தூளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல அனுமதி என்றால் எதைச் சொல்வீர்கள்?"

பெரியப்பா சொன்னார்: "மர நிழல்ல விளைஞ்சது, பழுத்த பழமாப் பாத்துக் கையால பறிச்சது."

கடைக்காரர் சொன்னார்: "நல்ல சரக்கு, மத்தவங்களை விட விலை கம்மி. அன்னன்னைக்கு வறுத்து அரைச்சது, தம்பி."

இவற்றில் 'விலை கம்மி' என்பது பெரியப்பாவின் செய்தியோடு மோதுகிறது. பழுத்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறிக்க, ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் போக வேண்டும். அந்தக் கூலிக்காகத்தான் குழு சந்தை விலையை விடச் சற்றுக் கூடுதலாகக் கேட்டது, கடையும் ஒப்புக்கொண்டது. ஒரு பக்கம் உழைப்பைச் சொல்லிவிட்டு மறுபக்கம் மலிவைச் சொன்னால், படிப்பவர் இரண்டில் ஒன்றை நம்ப மாட்டார். மேலும் விலை கடையின் தனிச் செய்தி. அதைக் கடை தன் சொந்த விளம்பரத்தில் சொல்லிக்கொள்ளலாம். கூட்டு அறிவிப்பில் இருவரும் சேர்ந்து சொல்லக்கூடியதே வர வேண்டும்.

மீதி இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கையால் பறித்தது, அன்றன்று வறுத்தது. இரண்டுக்கும் பொதுவானது, தோட்டத்துக்கும் கடைக்கும் இடையில் வேறு கை இல்லை என்பதே. அதையே ஒரே செய்தியாக வைத்தேன்: 'மலைச்சரிவிலிருந்து நேரே உங்கள் வடிகட்டிக்கு.' பிறகு எந்த வாக்கியம் இச்செய்திக்கு உதவவில்லையோ அதை நீக்கினேன்.

நம் பக்கத்துத் தவறுகள்

சரிபார்ப்பவன் ஒரு பக்கத்தாரின் உறவினனாக இருந்தால், தன் பக்கத்தை இரு மடங்கு உற்றுப்பார்க்க வேண்டும். பெரியப்பா இரண்டு திருத்தங்கள் கேட்டார். இரண்டையும் மறுக்க நேர்ந்தது.

'வட்டக்கானல் காப்பி' என்று பெயரிட வேண்டும் என்பது முதலாவது. வட்டக்கானல் மலையுச்சியை ஒட்டிய குளிர்ந்த ஊர். காப்பிச்செடி அந்தக் குளிரையும் உறைபனியையும் விரும்பாது. செடிகள் நிற்பது கீழே, வெப்பம் சற்றுக் கூடிய சரிவுகளில். மூட்டைகள் குதிரை முதுகில் மேலேறி வட்டக்கானலில் வண்டி ஏறுகின்றன. ஆகவே 'வட்டக்கானலுக்குக் கீழுள்ள சரிவுகளில்' என்பதே உண்மை. ஊர்ப் பெருமைக்காக ஊரை இடம் பெயர்க்க முடியுமா?

இரண்டாவது வேண்டுகோள் இது: "நம்ம மலைப்பூண்டுக்கு அரசாங்க முத்திரை கிடைச்சிருக்குல்ல, அதையும் ஒரு ஓரத்துல போட்டுரு." கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது மெய்யே. ஆனால் அது பூண்டுக்கு. காப்பிக்கு அதைப் போடலாகாது. பூண்டுக்கேகூட, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவருக்கே அக்குறியீட்டின் உரிமை உண்டு. பெரியப்பா முகம் வாடியது. ஆனால் நம் பக்கத்து மிகையை நாமே வெட்டியதனால்தான், கடைக்காரரின் மிகையை வெட்டச் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

திருந்திய வடிவம்

முடிவில் இருவரும் ஒப்புக்கொண்ட அறிவிப்பு இது:

*தலைப்பு: மலைச்சரிவிலிருந்து நேரே உங்கள் வடிகட்டிக்கு: குழுவும் கடையும் இணைந்து வழங்கும் காப்பித்தூள்*

*வட்டக்கானலுக்குக் கீழுள்ள சரிவுகளில் குழுவின் விவசாயிகள் மரநிழலில் விளைவித்துக் கையால் பறித்த காப்பியை, கடை தன் ஆலையில் வறுத்து அரைத்து, இருவர் பெயரும் தாங்கிய பொட்டலத்தில் வழங்குகிறது. இத்தூளில் காப்பி 80 விழுக்காடு, சிக்கரி 20 விழுக்காடு. "பழுத்த பழத்தை மட்டுமே பறிக்கிறோம்" என்கிறார் குழுவின் தலைவர். "வந்த கொட்டையை அன்றன்று வறுக்கிறோம்" என்கிறார் கடை உரிமையாளர். தை முதல் நாளிலிருந்து ஓராண்டுக்குக் கடையின் இரு கிளைகளில் கிடைக்கும்.*

இப்போது எண்ணிப் பாருங்கள். குழு மூன்று முறை, கடை நான்கு முறை. கூடுதலான அந்த ஒன்று, எங்கே வாங்குவது என்று சொல்லும் இடத்தில் வருகிறது. அது வாசகருக்கு வேண்டிய செய்தி. அதை நீக்கிச் சமன் செய்தால் கணக்குச் சரியாகும், வணிகம் கெடும்.

தலைப்பில் குழு முன்னே வருவதைக் கடைக்காரர் எளிதில் ஒப்பவில்லை. "முதல் போட்டது நான், தம்பி. என் பேரு பின்னாடி வரலாமா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. தலைப்பே மலையிலிருந்து கீழிறங்கும் வழியைச் சொல்வதால் அந்த வரிசையில் குழு முன்னே வருகிறது, பொட்டலத்திலோ விற்பவர் என்ற முறையில் கடை முன்னே வரட்டும் என்று சொன்னேன். வரிசைக்கு ஒரு காரணம் இருந்தால் மனம் ஏற்றுக்கொள்கிறது.

இலச்சினைகளிலும் ஒரு சிக்கல் வந்தது. கடையின் சின்னம் வட்டம். குழுவினுடையது நீளவாக்கில் எழுதிய பெயர். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் குழுவின் பெயர் தாளையே அடைத்தது. ஒரே அகலத்தில் வைத்தால் வட்டம் பூதமாகத் தெரிந்தது. உயரத்தையும் அகலத்தையும் விட்டு, இரண்டும் அடைக்கும் பரப்பு ஏறக்குறைய ஒன்றாக வரும்படி செய்தோம். தாளைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்த்தால் எது துருத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

கடைசிப் படி: ஒரே மூலப்படி

இருவரும் சம்மதித்த பிறகு ஒரே ஒரு தாளை மூலப்படியாக வைத்து, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்டனர். அதன்பின் ஒரு சொல் மாற்றினாலும் மீண்டும் இருவரும் பார்க்க வேண்டும். வெளியிடும் நாளும் வேளையும் இருவருக்கும் ஒன்றே எனக் குறித்தோம்.

இவ்வளவு செய்தும் ஒரு பிழை நேர்ந்தது. பத்திரிகையில் சரியாக வந்தது. ஆனால் கிளை ஒன்றின் வாசலில் தொங்கிய தட்டியில் 'நூறு விழுக்காடு தூய' என்ற பழைய வாசகமே இருந்தது. தட்டி எழுதுபவரிடம் முதல் தாளின் படி ஏற்கெனவே போயிருந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. சொன்ன மறுநாளே கடைக்காரர் தட்டியை இறக்கிவிட்டார். எனினும் குற்றம் என்னுடையதுமாகும். புதிய தாளில் கையெழுத்து வாங்குவதோடு, பழைய தாள்கள் யார் யார் கையில் உள்ளன என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் மேலும் 'செல்லாது' என்று எழுதுவதும் சரிபார்ப்பவன் வேலையே.

எல்லை

இம்முறையால் ஆகாதது ஒன்றும் உண்டு. உடன்பாடே ஒருவருக்குப் பாதகமாக இருந்தால், அறிவிப்பைத் திருத்தி அதை நியாயமாக்க முடியாது. அறிவிப்பு உள்ளதை உள்ளபடி சொல்லும், அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவே சிறிதன்று. உடன்பாடு ஓராண்டுக்குத்தான். குழுவின் பெயரை வாசகர் அறியாவிட்டால், அடுத்த ஆண்டு கடை வேறு எங்கிருந்தும் கொட்டை வாங்கிக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. பெயர் அறிந்துவிட்டாலோ, 'அந்த மலைக்காரர்கள் காப்பி இல்லையா?' என்று கேட்க ஓர் ஆள் கடைக்கு வருவார். சிறு விவசாயிக்கு அடுத்த ஆண்டுப் பேரத்தில் கையிலிருக்கும் பலம் அந்த ஒரு கேள்விதான்.

பெரியப்பா பத்திரிகைத் துண்டை வெட்டிக் குழு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதில் தம் பெயர் எத்தனை முறை வருகிறது என்று இப்போது அவர் எண்ணுவதில்லை. மாசி மாதம் பொட்டலம் வாங்கிய யாரோ ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்று வட்டக்கானல் வரை வந்து வழி கேட்டாராம். அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.